லைன் இல்லாத தோட்டத்தில் மொழிபெயர்ப்பு: மொழிக் கோப்புகளை இறக்கி வைக்கும் முறை

ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. பெரிய சாலையில் நிற்கும்போது கைப்பேசியில் நாலு கோடு காட்டும். செம்பனை வரிசைக்குள் திரும்பி இரண்டு நிமிடம் மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு கோடாகும், கொஞ்சம் பள்ளத்தில் இறங்கினால் அதுவும் போய்விடும். கோபுரம் தூரத்தில் இருக்கிறது, நடுவில் ஈர இலைகள் அடர்ந்து நிற்கின்றன, அலை வழியிலேயே தேய்ந்துபோகிறது. என் சித்தி வீடு அப்படியொரு பள்ளத்தில்தான். கிளினிக்கில் கொடுத்த மருந்து உறையையும் அடுத்த முறை வரவேண்டிய சீட்டையும் வைத்துக்கொண்டு, பேரன் வேலை முடிந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார். எழுதியிருப்பது மலாயில். சித்திக்கு மலாய் பேச்சு புரியும், எழுத்து ஓடாது.

சித்தியின் கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி முன்பே இருந்தது. டவுனில் திறந்தால் வேலை செய்யும், வீட்டில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். காரணம் எளிது. செயலி மட்டும்தான் கைப்பேசியில் இருந்தது. மொழிபெயர்க்கும் வேலை எங்கோ இருக்கும் கணினியில் நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையைக் கைப்பேசிக்குள்ளேயே செய்யவைக்கும் மொழிக் கோப்புகளை இறக்கி வைப்பது எப்படி, இறக்கியபின் அவை எதைச் சரியாகச் செய்யும், எங்கே சறுக்கும் என்பதே இந்த அத்தியாயம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்தே சொல்கிறேன். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே செயலிதான் வழி. ஐஓஎஸ் 17 வரை ஆப்பிளின் சொந்த மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை.

எத்தனை மொழி வேண்டும்?

தமிழ் வேண்டுமென்றால் தமிழை மட்டும் இறக்கினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் தவறு இதுதான். மொழிபெயர்ப்புக்கு இரண்டு கரை வேண்டும். மலாய்க் கடிதத்தைத் தமிழில் படிக்க மலாய்க் கோப்பும் தமிழ்க் கோப்பும் இரண்டுமே கைப்பேசியில் இருக்கவேண்டும். இவற்றோடு ஆங்கிலமும் தேவைப்படும். செயலி அதைத் தானாகவே வைத்துக்கொள்ளும்.

மலாயிலிருந்து தமிழுக்குப் போக ஆங்கிலம் எதற்கு? கைப்பேசிக்குள் இயங்கும் கூகுளின் மொழிபெயர்ப்பு ஒவ்வொரு மொழியையும் ஆங்கிலத்தோடு இணைத்தே பழக்கப்பட்டது. மலாய்க்கும் தமிழுக்கும் நேரடிச் சாலை கிடையாது. மலாய் வாக்கியம் முதலில் ஆங்கிலமாகிறது, பிறகு அந்த ஆங்கிலம் தமிழாகிறது. இது உங்கள் கண்ணில் படாமல் நொடியில் நடந்துவிடும். ஆனால் பின்னால் வரப்போகும் தவறுகளில் பாதி இந்த ஆங்கிலப் பாலத்தில்தான் பிறக்கின்றன. அதனால் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? 2018-இல் கூகுள் இந்தப் புதிய வகைக் கோப்புகளை 59 மொழிகளுக்கு வெளியிட்டபோது, ஒரு மொழிக்கு 35 முதல் 45 எம்பி என்று அறிவித்தது. தமிழும் மலாயும் அந்தப் பட்டியலிலேயே இருந்தன. மூன்று மொழிக்கும் சேர்த்து ஏறக்குறைய 120 எம்பி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வரும் சில கல்யாண வீடியோக்களின் அளவு, அவ்வளவுதான். ஆனால் சேமிப்பு இடம் விளிம்புவரை நிரம்பிய கைப்பேசியில் இறக்கம் பாதியில் நின்றுவிடும். அரை ஜிபியாவது காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இறக்கும் முறை

இதை வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற டவுன்களில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் பொது நூலகம், அருகில் உள்ள நாடி மையம், வைஃபை தரும் சாப்பாட்டுக் கடை என்று ஏதாவது ஒன்று. பிரிபெய்ட் டேட்டாவில் இறக்கினாலும் இறங்கும். டொப் அப் போட்ட காசு அதில் கரையும், அவ்வளவுதான் வித்தியாசம்.

1. `Google Translate` செயலியைத் திறந்து, வலது மேல்மூலையில் இருக்கும் உங்கள் படத்தை அல்லது பெயரின் முதல் எழுத்தைத் தட்டுங்கள்.
2. வரும் பட்டியலில் `Downloaded languages` என்பதைத் தட்டுங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் `Offline translation`.
3. மொழிப் பட்டியலில் `Tamil` பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டி, கேட்கும் கேள்விக்கு ஒப்புதல் கொடுங்கள்.
4. பட்டியலில் மேலே போய் `Malay` பக்கத்து அம்புக்குறியையும் அதேபோல் தட்டுங்கள்.
5. இரண்டும் முடியும்வரை செயலியை மூடாதீர்கள். முடிந்ததும் இரண்டு பெயரும் இறக்கப்பட்ட மொழிகளின் வரிசையில் வந்து நிற்கும்.

நான்காவது படியில் விரல் வழுக்கும். `Malay`, `Malay (Jawi)`, `Malayalam` மூன்றும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். ஜாவி எழுத்துக்கான மலாய் 2024-இல்தான் செயலியில் சேர்ந்தது. கண்ணாடி போடாமல் தட்டினால் மலையாளம் இறங்கிவிடும். என் சித்தி வீட்டில் நடந்தது அதுதான். கோப்பு இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம், கிளினிக் சீட்டைக் காட்டியபோதுதான் குட்டு உடைந்தது. கைப்பேசியின் மொழி தமிழில் இருந்தால் அந்த இடத்தில் "மலாய்", "மலையாளம்" என்று தமிழிலேயே தெரியும், குழப்பம் குறையும்.

இன்னொரு குழி `Indonesian`. இரண்டு மொழியும் ஒன்றுபோலத்தானே, எது இருந்தால் என்ன என்று விட்டுவிடக்கூடாது. நம்மூர் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வரும் "பெஜாபாட்" என்ற சொல்லுக்கு மலேசியாவில் அலுவலகம் என்று பொருள், இந்தோனேசியாவில் அதிகாரி. "பெர்சுமா" என்றால் இங்கே இலவசம், அங்கே வீண். இலவச சிகிச்சை என்ற அறிவிப்பை வீண் சிகிச்சை என்று படித்துவிட்டு யார் போய் வரிசையில் நிற்பார்கள்?

விமான நிலைச் சோதனை

இறங்கிவிட்டது என்று செயலி சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். வைஃபை இருக்கும்போது செயலி இணையம் வழியாகவே மொழிபெயர்க்கும். கோப்பு சரியாக இருக்கிறதா என்பது அப்போது தெரியாது. வீட்டுக்குக் கிளம்புமுன் இப்படிச் சோதியுங்கள்.

திரையை மேலிருந்து கீழே இழுத்து விமானப் படத்தைத் தட்டுங்கள். பிறகு வைஃபை படத்தையும் பாருங்கள். சில கைப்பேசிகளில் விமான நிலையைப் போட்டாலும் வைஃபை அணையாமல் இருக்கும், அதையும் தனியாக அணைக்கவேண்டும். இனி செயலியைத் திறந்து, இடது பக்கம் `Malay`, வலது பக்கம் `Tamil` என்று வைத்துக்கொண்டு, இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
Saya tinggal di ladang.
```

நான் தோட்டத்தில் அல்லது பண்ணையில் வசிக்கிறேன் என்ற பொருளில் தமிழ் வரவேண்டும். வந்தால் இரண்டு கோப்பும் இருக்கின்றன. இணையம் இல்லை என்றோ, மொழியை இறக்குங்கள் என்றோ வந்தால் ஒரு கோப்பு குறைகிறது. எது குறைகிறது என்று கண்டுபிடிக்க, வலது பக்கத்தை `English` என்று மாற்றிப் பாருங்கள். மலாயிலிருந்து ஆங்கிலம் வருகிறதென்றால் மலாய்க் கோப்பு சரி, தமிழ்தான் இல்லை. அதுவும் வராவிட்டால் மலாயே இல்லை, ஒருவேளை மலையாளம் உட்கார்ந்திருக்கலாம். பிறகு பக்கங்களை மாற்றி, தமிழிலிருந்து மலாய்க்கும் ஒரு வாக்கியம் போட்டுப் பாருங்கள்.

ஒற்றைக் கோட்டின் தொல்லை

எல்லாம் சரியாக இறங்கியிருந்தும், தோட்டத்தில் செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். லைன் அறவே இல்லாத இடத்தில் இந்தத் தொல்லை வராது. ஒரே ஒரு கோடு இருக்கும் இடத்தில்தான் வரும். இணையம் இருக்கிறதென்று செயலி நம்பி வெளியே கேட்கப் போகிறது, பதில் வராமல் காத்திருக்கிறது. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து வேகம் குறைக்கப்பட்ட எண்ணிலும் இதே கதை.

மருந்து எளியது. விமான நிலையைப் போடுங்கள். வெளிவழி அடைபட்டதும் செயலி உள்ளே இருக்கும் கோப்பை எடுக்கும், பதில் உடனே வரும். வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்பும் வராது. அழைப்பை இழக்க மனமில்லாதவர்கள் மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்தாலும் போதும்.

ஒரு மருந்து உறையும் ஒரு சீட்டும்

இனி சித்தியின் மேசைக்கு வருவோம். மருந்து உறையில் அச்சிட்டிருந்தது இது:

```
Makan 2 biji, 3 kali sehari, selepas makan
```

நம்மவர் ஒருவர் இதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: ரெண்டு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. ஆனால் செயலிக்கு இதில் இரண்டு சிக்கல். முதலில் "மாக்கான்" இரண்டு தடவை வருகிறது. முதல் "மாக்கான்" மருந்து எடுத்துக்கொள்வது, கடைசி "மாக்கான்" சோறு சாப்பிடுவது. அடுத்தது "பீஜி". சிறிய உருண்டைப் பொருள்களை எண்ணும்போது மலாயில் சேர்த்துச் சொல்லும் சொல் அது. தனியாகப் பார்த்தால் விதை, கொட்டை என்ற பொருள். அதனால் செயலி, "2 விதைகளைச் சாப்பிடுங்கள்" என்ற மாதிரி ஏதாவது சொல்லக்கூடும். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். நீங்கள் பார்க்கவேண்டியது எண்களை. உறையில் 2-ம் 3-ம் இருக்கின்றன, தமிழிலும் 2-ம் 3-ம் வந்திருக்கின்றனவா, எது மாத்திரை எது வேளை என்பது மாறாமல் இருக்கிறதா? அடுத்து முன்னா பின்னா என்பது. உறையில் "செலெபாஸ்" என்று இருந்தால் சாப்பிட்ட பிறகு, "செபெலும்" என்று இருந்தால் சாப்பிடும் முன். இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்வது எந்தச் செயலியையும்விட உறுதி.

அடுத்தது சீட்டு:

```
Sila datang pada 12 Mac, jam 8.00 pagi.
Puasa 8 jam sebelum ambil darah.
```

முதல் வரியில் சிரமம் ஒன்றுமில்லை. "மாச்" என்பது மார்ச் மாதம். காலை 8 மணிக்கு வரச் சொல்கிறது. இரண்டாவது வரியில்தான் பாலம் ஆடுகிறது. "புவாசா" என்றால் நோன்பு, இங்கே வெறும் வயிறு. அது ஆங்கிலத்துக்குப் போனால் "ஃபாஸ்ட்" ஆகும். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் நோன்பையும் குறிக்கும், வேகத்தையும் குறிக்கும். பாலத்தின் இந்தக் கரையில் இறங்கும்போது நல்ல நாளில் "விரதம்" என்று வரும், கெட்ட நாளில் "வேகமாக" என்று வரும். மலாயில் இருந்த சொல்லுக்கும் தமிழில் வேண்டிய சொல்லுக்கும் நடுவே குழப்பமே கிடையாது. குழப்பத்தை உண்டாக்கியது நடுவில் இருக்கும் மொழி.

அந்த வரியில் இன்னொன்றும் இருக்கிறது. "ஜாம்" என்ற சொல் எண்ணுக்கு முன்னால் வந்தால் கடிகார நேரம், எண்ணுக்குப் பின்னால் வந்தால் கால அளவு. முதல் வரியில் `jam 8.00`, அதாவது எட்டு மணிக்கு. இரண்டாவதில் `8 jam`, எட்டு மணி நேரம். ஒரே சீட்டில் இரண்டு எட்டு. ஒன்றை மற்றதாகப் படித்தால், எட்டு மணிக்குச் சாப்பிடாமல் இருந்தால் போதுமென்று ஆறரைக்குப் பசியாறிவிட்டுப் போய் நிற்கவேண்டியிருக்கும். சித்தி அப்படி ஒருமுறை போய்த் திரும்பியிருக்கிறார், வேறொரு தேதி வாங்கிக்கொண்டு.

ஆகவே தமிழில் வந்த வாக்கியம் கொஞ்சமாவது இடறினால், வலது பக்கத்தை `English` என்று மாற்றி, நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் எங்கே தடம் மாறியது என்பதை அந்த ஒரு வரியிலேயே பிடித்துவிடும். பாலத்தின் மேல் நின்று இரண்டு கரையையும் பார்ப்பது மாதிரி.

பாலத்தில் விழுந்துபோகும் சொந்தங்கள்

உறவு முறையிலும் இதேதான். மலாயில் "ஆபாங்", "காக்காக்", "அடிக்" என்று மூத்தவர், இளையவர் பார்த்தே சொல்கிறார்கள். தமிழிலும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் சகோதரர், சகோதரி, அவ்வளவுதான். அண்ணனாகக் கிளம்பியவர் பாலத்தைத் தாண்டும்போது வயதைத் தொலைத்துவிட்டுச் "சகோதரர்" ஆகிவிடுவார்.

அதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. மலாயில் `kita` என்றால் கேட்பவரையும் சேர்த்து நாம். `kami` என்றால் அவரை விட்டுவிட்டு நாங்கள். தமிழ் வைத்திருக்கும் அதே பிரிவை மலாயும் அப்படியே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தோட்ட அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தில், வீடுகளைப் பழுதுபார்ப்போம் என்று `kami` போட்டு எழுதியிருந்தால் அது நிர்வாகம் செய்யப்போவது. தமிழில் "நாம் பழுதுபார்ப்போம்" என்று வந்துவிட்டால், நம் தலையிலும் ஒரு பங்கு விழுந்துவிட்டதே என்று தோன்றும். வேலை யாருடையது, செலவு யாருடையது என்ற கேள்வி வரும் கடிதங்களில், மூலத்தில் `kita` இருக்கிறதா `kami` இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடிப் பாருங்கள். இந்த ஒன்றில் கைப்பேசியைவிட உங்கள் கண் நம்பகமானது.

மலாயின் "டியா" ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஆங்கிலம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், தமிழ் அதை நம்பி "அவன்" என்றோ "அவள்" என்றோ எழுதிவிடும். அத்தையைப் பற்றிய கடிதத்தில் "அவன்" என்று வந்தால் கடிதம் வேறு யாருக்கோ என்று முடிவு கட்டவேண்டாம்.

தமிழிலிருந்து மலாய்க்கு: நம்மூர்ச் சொற்களைக் கழற்றி வையுங்கள்

கிளினிக் தாதியிடமோ அலுவலக முகப்பிலோ நாம் சொல்லவேண்டியதைத் தமிழில் எழுதி மலாயாக்கிக் காட்டுவது இன்னொரு வேலை. இங்கே செயலி எதிர்பார்ப்பது புத்தகத் தமிழ். "தலை சுத்துது" என்றால் தடுமாறும், "எனக்குத் தலை சுற்றுகிறது" என்றால் பிடித்துக்கொள்ளும்.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நமக்குப் பழக்கம். "நேற்றிலிருந்து சாப்பிடவில்லை" என்றால் யார் சாப்பிடவில்லை என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்துக்கு எழுவாய் இல்லாமல் நடக்காது. அதனால் செயலி "நான்" என்றோ "அவர்" என்றோ தானாக ஒன்றை ஒட்டிவிடும். "என் அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை" என்று முழுதாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, முடிவில் புள்ளி. நாலு செய்தியைக் கோத்து எழுதினால் நடுவில் ஏதாவது ஒன்று காணாமல் போகும்.

நம்முடைய சொந்தச் சொற்களிலும் கவனம் வேண்டும். மலேசியத் தமிழர் நீரிழிவை "இனிப்பு நீர்" என்போம். செயலி அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் இனிப்பான தண்ணீராகிவிடும். தாதி உங்களுக்குச் சர்பத் வேண்டுமோ என்று பார்ப்பார். "நீரிழிவு நோய்" என்று எழுதுங்கள். "பால் மரம் வெட்டுகிறேன்" என்றால் மரத்தையே சாய்க்கிறீர்கள் என்று ஆகக்கூடும். "நான் ரப்பர் தோட்டத் தொழிலாளி" என்று சுற்றிப் போங்கள். "கித்தா" என்ற சொல்லைப் பாருங்கள். அது மலாயின் "கெத்தா"விலிருந்து நம் வாய்க்கு வந்து, மூன்று தலைமுறையாகத் தமிழாகவே இருக்கிறது. ஆனால் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி மலாய்க்கு அனுப்பினால் தாய்வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்க வாய்ப்பு அதிகம். "ரப்பர்" என்றால் போய்ச் சேரும்.

எழுதியதை நம்பலாமா என்று பார்க்க, திருப்பிப் பார்த்தல் என்று ஒரு வழி இருக்கிறது. வந்த மலாய் வாக்கியத்தை நகலெடுத்து, பக்கங்களை மாற்றிப் போட்டு, மறுபடி தமிழாக்குங்கள். நீங்கள் சொன்னதே ஏறக்குறைய திரும்பி வந்தால் காட்டலாம். "இனிப்புத் தண்ணீர்" என்று திரும்பி வந்தால் சொல்லை மாற்றி எழுதுங்கள். ஆனால் `kita`, `kami` குழப்பம் இந்தச் சோதனையில் மாட்டாது, ஏனென்றால் போகும்போதும் வரும்போதும் அதே பாலத்தில்தான் வருகிறீர்கள்.

எழுத்து, கேமரா, குரல்

தட்டச்சு செய்யும் வாக்கியத்துக்கு மூன்று கோப்புகளே போதும். தமிழ் விசைப்பலகையையும் வைஃபை இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் வகை பெரியவர்களுக்குச் சுலபமாக இருக்கும். கூகுளின் `Gboard` விசைப்பலகையில் அது `abc → தமிழ்` என்று தெரியும்.

கேமராவைக் காட்டிப் படிப்பது நம் தேவைக்கு நன்றாகவே பொருந்துகிறது. மலாய் ரோமன் எழுத்தில் இருப்பதால் அச்சு தெளிவாக இருந்தால் கைப்பேசி அதைப் பிடித்துக்கொள்ளும். மருந்து உறையை மேசைமேல் சமமாக விரித்து, நிழல் விழாமல் பிடியுங்கள். மருத்துவரின் கையெழுத்தில் இந்த வேலை வேண்டாம். கேமரா வழி சில பதிப்புகளில் இணையத்தைத் தேடி ஓடும். அதனால் அதையும் விமான நிலையில் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் நம்பவேண்டும். ஓடாவிட்டால் வரியைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

குரல் தனிக் கதை. மொழிக் கோப்பு எழுத்தை மட்டுமே மாற்றும். தமிழில் பேசினால் அதை எழுத்தாக்குவதும், வந்த தமிழை வாய்விட்டுப் படிப்பதும் கைப்பேசியின் வேறு பகுதிகள் செய்யும் வேலை. படித்துக் காட்டும் குரலைத் தனியாக இறக்கலாம். அமைப்புகளில் `Text-to-speech output` என்று தேடி, கூகுள் குரல் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தட்டி, `Install voice data` என்ற இடத்தில் தமிழை எடுக்கவேண்டும். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கு இது பெரிய உதவி. பேசுவதை எழுத்தாக்கும் பகுதி பல கைப்பேசிகளில் இணையம் இல்லாமல் தமிழை ஏற்காது. ஒலிவாங்கிப் படம் மங்கிப்போய் இருந்தால் அதுதான் காரணம், கோப்பில் கோளாறு இல்லை.

வைத்துக் காப்பாற்றுவது

இந்தக் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. ஒவ்வொரு கைப்பேசியிலும் தனித்தனியாகத்தான் இறக்கவேண்டும். செயலியை நீக்கினால் கோப்பும் போய்விடும். இடம் காலி செய்கிறேன் என்று பிள்ளைகள் செயலியின் சேமிப்பை அழித்தாலும் போய்விடும். தற்காலிகக் குப்பையை மட்டும் அழித்தால், அதாவது `Clear cache` மட்டும் தட்டினால், கோப்புக்கு ஒன்றும் ஆகாது. `Clear storage` அல்லது `Clear data` என்பதைத் தட்டினால்தான் ஆபத்து.

இணையவழி மொழிபெயர்ப்பு கைப்பேசிக்குள் இருப்பதைவிடத் தரம் கூடியது. அதனால் அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை டவுனில் இருக்கும்போதே மொழிபெயர்த்து, மலாய் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, நட்சத்திரக் குறியைத் தட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். கூடவே திரையையும் படமெடுத்து வையுங்கள். படத்துக்கு எந்தக் கோப்பும் தேவையில்லை. சித்தியின் கைப்பேசியில் அப்படி மூன்று படங்கள் இருக்கின்றன: எனக்கு நீரிழிவு நோய் இருக்கிறது, எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது, என் மகனின் எண் இது.

கோப்புகளுக்கு அவ்வப்போது புதிய பதிப்பு வரும். `Downloaded languages` பக்கத்தைத் திறந்தால் அது தெரியும். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது அதைப் புதுப்பித்துவிட்டு, விமான நிலையைப் போட்டு, `Saya tinggal di ladang.` என்று ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். போன விடுமுறையில் சித்தியே அதை அடித்தார். மூன்றாவது சொல்லைத் தட்டும் முன்பே தமிழ் வந்துவிட்டது. மருந்தின் அளவில் மட்டும் இன்னமும் அவர் எதையும் நம்புவதில்லை. உறையில் இருக்கும் 2-ஐயும் 3-ஐயும் விரலால் தொட்டு, திரையில் அதே எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்க் குவளையை எடுக்கிறார்.